சியாஜ், புரொஜெக்ஷன்: சில சென்ட் அறையை நிறைக்கிறது, சில தோலோடு நின்றுவிடுகிறது, ஏன்?

வாசனைத் திரவியங்களைக் கலந்து பார்ப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அது தெரிந்த நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள்தான் சுற்றுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எளிதானவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பின்னாலும் வைத்திருக்கிறேன்.

சியாஜ், புரொஜெக்ஷன் என்று இரண்டு வார்த்தை சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. நீங்கள் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் மணம் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ, அது புரொஜெக்ஷன்; தமிழில் வீச்சு என்று சொல்லலாம். நீங்கள் எழுந்து நடந்து போன பிறகு, வந்த வழியில் மணம் எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அது சியாஜ். படகு கடந்து போன பின் நீரின் மேல் விரிந்து கிடக்கும் தடத்துக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் சொல் அது. எழுத்துக்கூட்டிப் படித்து 'சில்லேஜ்' என்பவர்கள் உண்டு. பிரெஞ்சு ஒலிப்பு ஏறக்குறைய 'சியாஜ்' என்று வரும். இங்கே தடம் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

மூன்றாவதாக ஒன்றையும் இவற்றோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்: மணம் தோலில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பது. மூன்றும் தனித்தனி அளவுகள். ஒன்று கூடினால் மற்றவையும் கூடும் என்ற கட்டாயம் இல்லை. பல சமயம் ஒன்று கூடுவதற்கு மற்றொன்றைக் குறைத்துத்தான் ஆகவேண்டும்.

பத்து மணி நேரம் நிற்கிறது என்று வாங்கினேன். பக்கத்து நாற்காலிக்காரருக்கே தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. அது பத்து மணி நேரம் நிற்பதே காரணமாக இருக்கலாம். மூக்கு உணர்வது தோலில் இருக்கும் எண்ணெயை அல்ல, தோலை விட்டுக் கிளம்பிக் காற்றில் கலந்ததை மட்டுமே. நீங்கள் பூசியது ஒரு குறிப்பிட்ட அளவு. அது ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டால் அந்த ஒரு மணி நேரம் ஊருக்கே தெரியும். அதே அளவு பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பினால், எந்த ஒரு நிமிடத்திலும் காற்றில் இருப்பது மிகச் சிறிய பங்குதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு தடித்த காகிதக் கீற்றுகளை எடுத்து, ஒன்றில் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் ஒரு சொட்டு, மற்றொன்றில் வெட்டிவேர் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மேசையில் தள்ளித் தள்ளி வையுங்கள். சில நிமிடங்களில் அறை வாசலில் நிற்பவருக்கு ஆரஞ்சு தெரியும், வெட்டிவேர் தெரியாது. மறுநாள் காலையில் ஆரஞ்சுக் கீற்று வெறும் காகிதம். வெட்டிவேர்க் கீற்றை மூக்கருகே கொண்டுபோனால் முந்தைய நாள் போலவே மணக்கும், அடுத்த வாரமும் மணக்கும். ஆரஞ்சு எண்ணெயின் பெரும்பகுதி லிமோனின் என்ற சிறிய, இலேசான மூலக்கூறு. அது நிற்காமல் பறந்துவிடுகிறது. வெட்டிவேரின் மூலக்கூறுகள் கனமானவை, எளிதில் ஆவியாகாதவை.

மல்லிகைச் சரம் வைத்தால் வீடே மணக்கிறது. சந்தனம் பூசினால் பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது. சந்தனம் மல்லிகையைவிட மட்டமா?

தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சந்தனத்தின் மணத்தைத் தருபவை சாண்டலால் எனப்படும் கனமான மூலக்கூறுகள். அறை வெப்பத்தில் அவை மிக மெதுவாகவே ஆவியாகும். அதனால்தான் காலையில் பூசிய சந்தனம் மாலையிலும் இருக்கிறது, அதனால்தான் அது அருகிலேயே நின்றுவிடுகிறது.

மல்லிகையில் பென்சைல் அசிட்டேட், லினலூல் போன்ற இலேசான பொருள்கள் நிறைய உண்டு. அவற்றோடு இன்டோல் என்ற பொருளும் இருக்கிறது. அது சிறு அளவிலேயே மூக்கைத் தொட்டுவிடும். இவற்றைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. சரத்தில் இருக்கும் மொட்டு பறித்த பிறகும் சில மணி நேரம் உயிரோடுதான் இருக்கிறது. மாலையில் விரிய விரிய அது மணப்பொருளைப் புதிது புதிதாக உண்டாக்கி வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். புட்டியிலிருந்து பூசிய சென்டுக்கு அந்த வசதி இல்லை. பூசிய அளவோடு சரி. 'அசல் மல்லிகை போலவே வீடு முழுக்க மணக்க வேண்டும், இரவு வரை நிற்கவும் வேண்டும்' என்று மல்லிகை சென்ட் தேடுபவர்கள் பூவின் வேலையைத் திரவத்திடம் கேட்கிறார்கள்.

எக்ஸ்ட்ரே என்ற கெட்டியான வகையில் 30 சதவீதம் எண்ணெய், ஓ டி டாய்லட் என்ற இலேசான வகையில் 10 சதவீதம். அப்படியென்றால் எக்ஸ்ட்ரே மூன்று மடங்கு தூரம் போகவேண்டாமா?

போகாது. புட்டியில் உள்ள மீதி ஆல்கஹால், பூசிய ஓரிரு நிமிடங்களில் பறந்துவிடும். அதன்பின் இரண்டிலும் தோலில் இருப்பது எண்ணெய்ப் படலம்தான். ஒன்றில் மெல்லியது, மற்றொன்றில் தடித்தது. ஆவியாதல் படலத்தின் மேற்பரப்பில் நடக்கும் காரியம். படலம் மூன்று மடங்கு தடித்தால் அது தீர அதிக நேரம் ஆகுமே ஒழிய, மேற்பரப்பிலிருந்து நிமிடத்துக்குக் கிளம்பும் அளவு மூன்று மடங்காகிவிடாது. அப்படியே காற்றில் அளவு இரட்டித்தாலும், மூக்குக்கு அது இரட்டிப்பாகத் தோன்றுவதில்லை.

பல நிறுவனங்கள் எக்ஸ்ட்ரே செய்யும்போது அதே சூத்திரத்தை அப்படியே கெட்டியாக்குவதும் இல்லை. மரம், பிசின், வெனிலா, மஸ்க் ஆகிய கனமான பகுதிகளைக் கூட்டி, எலுமிச்சை வகைகளைக் குறைத்துவிடுகிறார்கள். ஆகவே, ஒரே பெயரில் வரும் ஓ டி டாய்லட் அறையில் உரக்கப் பேசுவதும், அதன் எக்ஸ்ட்ரே கழுத்தருகே மெதுவாகப் பேசுவதும் சாதாரணம். லேபிளில் உள்ள இந்தப் பெயர்கள் எத்தனை சதவீதத்தைக் குறிக்கின்றன என்பதும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கறாரான வரையறை அல்ல.

அப்படியானால் சீக்கிரம் ஆவியாவதுதான் வீச்சா? வேறொன்றும் இல்லையா?

பாதி அதுதான். மறுபாதி, மூக்கு அந்தப் பொருளை எவ்வளவு குறைந்த அளவில் கண்டுகொள்கிறது என்பது. அந்த மிகக் குறைந்த அளவை வாசல் அளவு என்று வைத்துக்கொள்வோம். காற்றில் இருக்கும் அளவை வாசல் அளவால் வகுத்தால் கிடைப்பதுதான் மூக்குக்குத் தெரியும் வலிமைக்கு ஓரளவு சரியான கணக்கு.

பல்கேரிய ரோஜா எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 38 சதவீதம் சிட்ரோனெல்லால். டமாஸ்கினோன் என்ற இன்னொரு பொருள் வெறும் 0.14 சதவீதம். எண்ணெயின் பெயரே சிட்ரோனெல்லாலுக்குத்தான் போகவேண்டும் என்று தோன்றும். ஆனால் நீரில் கரைத்து அளந்த வாசல் அளவுகளைப் பாருங்கள்: சிட்ரோனெல்லாலுக்கு நூறு கோடியில் 40 பங்கு வேண்டும், டமாஸ்கினோனுக்கு நூறு கோடியில் 0.009 பங்கு போதும். 38-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, 0.14-ஐ 0.009-ஆல் வகுத்தால் 15-க்கு மேல். கண்ணுக்கே படாத அந்தச் சிறு பங்கு, எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் பொருளைவிடப் பதினாறு மடங்கு அழுத்தமாகத் தெரிகிறது. நீரில் அளந்த எண்கள் காற்றுக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் எந்தப் பொருளின் குரல் உரத்தது என்பதை இந்தக் கணக்கு சரியாகக் காட்டுகிறது.

இப்போது ஒரு சென்ட் அறையை நிறைக்க என்ன வேண்டும் என்பது புலப்படும். எளிதில் காற்றில் ஏற வேண்டும், அல்லது மூக்கு மிகச் சிறிய அளவிலேயே பிடிக்க வேண்டும். இரண்டும் உள்ள பொருள் கலவையில் இருந்தால் அறை நிறையும். இரண்டும் இல்லாதவற்றால் கட்டிய சென்ட் எத்தனை சதவீதமாக இருந்தாலும் தோலை விட்டு அதிக தூரம் போகாது.

அத்தர் புட்டியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கிறது. பூசினால் அரை அடி தாண்டுவதில்லை. ஏன்?

புட்டிக்குள் மூடியின் அடியில் உள்ள சிறு காற்றிடத்தில் பல நாள் மணம் தேங்கிக் கிடக்கிறது. திறந்தவுடன் உங்கள் மூக்கில் ஏறுவது அந்தச் சேமிப்பு. தோலில் அப்படித் தேங்க இடமில்லை. கிளம்புவது உடனுக்குடன் அறைக் காற்றில் கரைந்துபோகிறது.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் மரபுமுறையில் வடிக்கும் அத்தரில் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து வைக்கிறார்கள். ஆல்கஹால் கிடையாது. ஒரு கலவையில் இலேசான பொருளின் பங்கு எவ்வளவு சிறியதோ, அது கலவையை விட்டு வெளியேறும் வேகமும் அந்த அளவுக்குக் குறையும். ரோஜாவும் மல்லிகையும் ஒரு கடல் சந்தனத்தில் மூழ்கிக் கிடப்பதால் தனியாக இருந்தால் பறந்திருக்கும் வேகத்தில் அவற்றால் பறக்க முடிவதில்லை. மணம் நெடுநேரம் நிற்பதும் அருகிலேயே நிற்பதும் இந்த ஒரே காரணத்தால்தான். ஸ்ப்ரே செய்யும் சென்ட் உள்ளங்கை அகலத்துக்குப் பரவுகிறது. அத்தரை ஒரு பொட்டாக வைக்கிறோம். ஆவியாகும் பரப்பு சுருங்கிவிடுவதும் ஒரு காரணம். என் கருத்தில் இது அத்தரின் குறை அல்ல. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பவருக்குத் தெரிந்தால் போதும் என்ற அளவில் அமைந்த மணம் அது.

அப்படியானால் அறையையே விழுங்கும் சென்டுகளில் என்ன போடுகிறார்கள்?

1980-களின் சென்டுகள் இதற்குப் பாடப்புத்தகம். 1981-இல் வந்த ஜார்ஜியோ பெவர்லி ஹில்ஸ், 1985-இல் வந்த டியோரின் பாய்சன் இரண்டும் பூசிக்கொண்டு வருவோருக்கு உணவகங்களில் முகச்சுளிப்பைப் பெற்றுத்தந்த அளவுக்குப் பேர்போனவை. இரண்டிலும் நிலசம்பங்கி போன்ற கனத்த வெள்ளைப் பூக்களின் மணம்; பாய்சனில் முன்பு சொன்ன டமாஸ்கினோனின் உறவினர்களான டமாஸ்கோன்களும் சேர்கின்றன. வாசல் அளவு மிகக் குறைந்த பொருள்கள் என்பதால் துளியளவே போதும்.

1992-இல் வந்த மியூக்லரின் ஏஞ்சலில் எத்தில் மால்ட்டால் என்ற, பஞ்சுமிட்டாய் போல மணக்கும் பொருளைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். சர்க்கரை கருகும் வாசனையை மூக்கு மிக எளிதில் பிடிக்கும். அதோடு பச்சோலி சேர்ந்ததால் தூரமும் கிடைத்தது, நேரமும் கிடைத்தது. நேரத்தையும் தூரத்தையும் சேர்த்துப் பெற வழி அளவைக் கூட்டுவது அல்ல, மெதுவாகக் கிளம்பினாலும் மூக்குக்கு உரக்கக் கேட்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பது.

உட்கார்ந்திருக்கும்போது மணமே இல்லை, ஆனால் நான் போன பிறகு 'யார் வந்தது' என்று கேட்கிறார்கள். இது எப்படி?

வீச்சு குறைந்து தடம் நீண்ட சென்ட் உங்களிடம் இருக்கிறது. நாம் அசையாமல் இருக்கும்போது உடற்சூட்டில் வெதுவெதுப்பான காற்று உடலை ஒட்டியே மேலெழும். மணமும் அதோடு மேலே போய்விடும், பக்கவாட்டில் அதிகம் பரவாது. நடக்கும்போது அந்த உறை கலைகிறது. உடலுக்குப் பின்னால் காற்று சுழன்று நம்மைத் தொடர்ந்து வருகிறது. ஆடையும் கூந்தலும் விசிறி போல வேலை செய்கின்றன. படகின் தடம் என்ற பெயர் வெறும் உவமை அல்ல என்பது இங்கே தெரியும்.

இந்தக் குணத்துக்குப் பேர்பெற்ற பொருள்கள் சில உண்டு. ஹெடியோன் என்பது மல்லிகைச் சாயலுள்ள, தனியே முகர்ந்தால் மிக மென்மையான பொருள். 1966-இல் எட்மான் ருட்னிட்ஸ்கா டியோருக்காகச் செய்த ஓ சொவாஜில் அது புகழடைந்தது. ஐஸோ ஈ சூப்பர் என்பது சீவிய மரம் போல மங்கலாக மணப்பது. 1990-இல் சோஃபியா க்ரோஜ்ஸ்மன் செய்த லான்கோமின் ட்ரெசோரில் இந்த இரண்டும், கேலக்ஸோலைட் என்ற மஸ்க்கும், மெத்தில் அயனோனும் சேர்ந்தே சூத்திரத்தின் பெரும்பகுதி ஆகின்றன. நான்கில் ஒன்றும் தனியாகக் கூச்சல் போடுவதில்லை. ஆனால் தடத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் சென்ட் அது.

ஒரு மணி நேரத்தில் என் சென்ட் போய்விடுகிறது. மனைவி மட்டும் இன்னும் மணக்கிறது என்கிறாள். யார் சொல்வது சரி?

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. மாறாமல் வந்துகொண்டே இருக்கும் மணத்தை மூக்கு சில நிமிடங்களிலேயே பொருட்படுத்தாமல் விட்டுவிடும். சொந்த வீட்டு வாசனை நமக்குத் தெரியாததும் இதனால்தான். கழுத்திலும் மார்பிலும் பூசுகிறவருக்கு மூக்குக்கு நேர் கீழேயே மணம் இருப்பதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். 'போய்விட்டது' என்று மறுபடியும் நான்கு முறை அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாம் இந்த வகைதான்.

இன்னொரு வகையும் உண்டு. கேலக்ஸோலைட் போன்ற பெரிய மஸ்க் மூலக்கூறுகள் சிலருக்கு அறவே தெரிவதில்லை. மற்ற வாசனைகள் எல்லாம் சரியாகத் தெரியும், அந்த ஒன்று மட்டும் தெரியாது. ஐஸோ ஈ சூப்பரை மட்டுமே வைத்து 2006-இல் வந்த மாலிக்யூல் 01 என்ற சென்டை முகர்ந்து 'வெறும் ஆல்கஹால்' என்று வைத்துவிட்டுப் போகிறவர்களும், அதையே பூசிக்கொண்டு வழியெல்லாம் விசாரிக்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பழகிப்போனதா, பிறவியிலேயே தெரியாததா என்று அறிய, திறந்த வெளியில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்து, அந்தச் சென்டைத் தெளித்த காகிதத்தை முகருங்கள். அப்போதும் ஒன்றுமே தெரியாவிட்டால் அது பழக்கம் அல்ல.

வெயில் காலத்தில் அதிகம் அடிக்க வேண்டுமா, குறைவாகவா?

குறைவாக. வெப்பம் கூடினால் எல்லாப் பொருளும் வேகமாக ஆவியாகும். ஜனவரியில் அடக்கமாக இருந்த சென்ட் மே மாதத்தில் பேருந்து முழுவதையும் பிடித்துக்கொள்ளும், அந்த அளவுக்குச் சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஏசி அறையில் தோல் குளிர்ந்திருப்பதால் ஆவியாதல் குறையும், ஆனால் கிளம்பிய மணத்தை விசிறி எல்லா மூலைக்கும் கொண்டுபோகும்.

சின்ன அறையில் எத்தனை ஸ்ப்ரே போதும்?

ஒரு முறை அழுத்தினால் ஏறக்குறைய 0.1 மில்லி வரும். 15 சதவீதம் எண்ணெய் உள்ள சென்டை நான்கு முறை அழுத்தினால், தோலில் சேரும் மணப்பொருள் சுமார் 50 மில்லிகிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிளம்புவதாக வைத்துக்கொண்டால் 10 மில்லிகிராம். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி உள்ள மூடிய அறையின் கொள்ளளவு 28 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 0.36 மில்லிகிராம் வருகிறது. டமாஸ்கோன் போன்றவை இதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே நன்றாகத் தெரிந்துவிடும். அதே நான்கு ஸ்ப்ரேயோடு 3 கன மீட்டர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் அளவு ஒன்பது மடங்கு. பாய்சன் வகையறாவுக்கு அலுவலகத்தில் ஒன்று போதும். சந்தனம், மஸ்க் வகைக்கு நான்கும் யாரையும் தொந்தரவு செய்யாது.

தோலோடு நிற்கும் சென்டை எப்படியாவது தூரம் போகவைக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஒரே இடத்தில் நான்கு முறை அடிப்பதற்குப் பதிலாக நான்கு இடத்தில் ஒவ்வொன்றாக அடியுங்கள். எக்ஸ்ட்ரே பற்றிய பதிலில் சொன்னபடி, தடிமனைவிடப் பரப்புதான் வீச்சைத் தீர்மானிக்கிறது. வறண்ட தோல் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாசனையில்லாத லோஷன் பூசி அதன்மேல் அடித்தால் கொஞ்சம் மிஞ்சும். அசையும் துணியில், முந்தானை ஓரத்திலோ துப்பட்டாவிலோ, அடித்தால் வீச்சு கூடாவிட்டாலும் தடம் நீளும்; ஆனால் பட்டில் அடிக்காதீர்கள், நிறமுள்ள சென்ட் கறை விடும். மணிக்கட்டு இரண்டையும் தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்பது கட்டுக்கதை. தேய்க்கும் சூட்டில் இலேசான பகுதி சற்று முன்னதாகக் கிளம்பும், அவ்வளவுதான்.

இவற்றால் கிடைப்பது ஒரு முழம் தூரம். கலவையில் பறக்கும் பொருளும் இல்லை, மூக்கை எளிதில் தொடும் பொருளும் இல்லை என்றால், பத்து முறை அடித்தாலும் உங்கள் சட்டை ஈரமாவதுதான் மிச்சம்.

கடையில் நின்றுகொண்டே வீச்சையும் தடத்தையும் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. கடைக் காற்றில் ஏற்கனவே நூறு சென்ட் இருக்கிறது, பூசிய முதல் பத்து நிமிடம் முதலில் கிளம்பும் இலேசான பகுதியைத்தான் காட்டும். மணிக்கட்டில் ஒரு முறை அடித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, வெளியிலிருந்து வரும் ஒருவரை மெதுவாக நெருங்கச் சொல்லுங்கள். மணம் தெரிந்த இடத்தில் அவர் நிற்கட்டும். அந்த இடைவெளி வீச்சு. பிறகு ஒரு நீண்ட கூடத்தின் வழியே நடந்து வெளியே போய்விடுங்கள். அவர் ஒரு நிமிடம் கழித்து அதே வழியில் வரட்டும். அவருக்கு இன்னும் தெரிந்தால் தடம் இருக்கிறது. நான்கு மணி நேரம் கழித்து இரண்டையும் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள், ஏனெனில் முதல் ஒரு மணி நேரத்தில் எலுமிச்சை கொடுத்த தூரத்தை நான்காவது மணி நேரத்தில் எஞ்சியிருக்கும் மரமும் மஸ்க்கும் கொடுக்காமல் போகலாம். சோதிப்பவர் உங்களோடு ஒரே வீட்டில் அந்த மணத்திலேயே இருந்தவராக இருக்கக் கூடாது. அவர் மூக்கும் பழகிப்போயிருக்கும்.